சிசேரியன் அறுவைக் குறிப்பு: சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும்

சிசேரியன் அறுவைக் குறிப்பு என்பது அறுவை மூலம் குழந்தையை வெளியே எடுத்தபின் மருத்துவர் எழுதும் அல்லது வாய்மொழியாகச் சொல்லும் பதிவு. அறுவை ஏன் செய்யப்பட்டது, எப்படிச் செய்யப்பட்டது, எவ்வளவு குருதி இழப்பு ஏற்பட்டது, இனி என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கு அது பதில் சொல்கிறது. அறுவை முடித்த மருத்துவர் வாயால் சொல்லும்போது இந்த நான்கும் நினைவுக்கு வந்த வரிசையில் கலந்து வரும். அவற்றைப் பிரித்து ஒரு நிலையான வரிசையில் எழுதும் வழக்கம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில் படிப்படியாக உருவானது. ஒவ்வொரு தலைப்புக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணங்களையும், சொல்லப்பட்ட ஒரு குறிப்பு எழுத்தில் ஒழுங்காகும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கீறலின் வகை ஏன் எழுதப்பட்டது

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சிசேரியன் செய்யப்பட்ட தாய்மார்களில் பலர் இறந்தனர். வயிற்றுச் சுவரைத் தைத்த மருத்துவர்கள் கருப்பையைத் தைக்காமல் விட்டதும் இதற்கு ஒரு காரணம். கருப்பை தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். 1876-இல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போரோ என்ற மருத்துவர் குழந்தையை எடுத்தபின் கருப்பையையே அகற்றினார். தாய் பிழைத்தார். ஆனால் அவர் மீண்டும் கருவுற வழியில்லை.

1882-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரைச் சேர்ந்த மாக்ஸ் சேங்கர் கருப்பைச் சுவரைத் தைத்து மூடும் முறையை விரிவாக எழுதி வெளியிட்டார். கருப்பையை அகற்றாமலே தாயைக் காப்பாற்ற முடியும் என்பது அதனால் நிலைபெற்றது. அமெரிக்காவில் இராபர்ட் ஹாரிஸ் என்ற மருத்துவர் அந்நாட்டில் நடந்த சிசேரியன்களை, அச்சில் வந்தவற்றையும் வராதவற்றையும், தேடித் திரட்டி அட்டவணையாக்கினார். எந்த முறையில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று ஒப்பிடவேண்டுமானால், ஒவ்வொரு மருத்துவரும் என்ன செய்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை இத்தகைய முயற்சிகள் காட்டின.

கருப்பை தைக்கப்பட்டுத் தாய் பிழைத்ததும் புதிய கேள்வி எழுந்தது. அடுத்த பிரசவத்தில் அந்தத் தழும்பு தாங்குமா? சேங்கரின் முறையில் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காகக் கீறினார்கள். வலியின்போது மிக வலுவாகச் சுருங்கும் பகுதி அதுதான். 1916-இல் நியூயார்க்கைச் சேர்ந்த எட்வின் கிராகின், ஒருமுறை சிசேரியன் செய்தவருக்கு அடுத்ததும் சிசேரியனே என்ற பொருளில் எழுதியபோது மருத்துவர்கள் மனத்தில் இருந்தது இந்த நெடுக்குக் கீறல். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையை ஜெர்மனியின் பெர்டினான்ட் கேரர் 1881-இலேயே செய்து பார்த்திருந்தார். ஆனால் சேங்கரின் முறை பரவியதால் அது மறக்கப்பட்டது. 1920-களில் கிளாஸ்கோ நகரின் மன்ரோ கெர் அதை மீட்டெடுத்துப் பரப்பினார். இன்று தமிழ்நாட்டில் எல்.எஸ்.சி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இந்தக் கீழ்ப்பகுதிக் கீறல் அறுவையே.

இரண்டு தழும்புகளுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. கீழ்ப்பகுதியில் குறுக்குத் தழும்பு ஒன்று உள்ள தாய் இயல்பான பிரசவத்துக்கு முயலும்போது, தழும்பு கிழியும் வாய்ப்பு ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. மேற்பகுதியில் நெடுக்குத் தழும்பு இருந்தால் அது 100 பேரில் 2 முதல் 9 பேர் வரை உயரலாம் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல் கூறுகிறது. வெளியே தெரியும் தோல் தழும்பைப் பார்த்து இதை அறிய முடியாது. 1900-இல் ஹெர்மன் ஃபானன்ஸ்டீல் விவரித்த, அடிவயிற்று மடிப்பை ஒட்டிய குறுக்குத் தோல் கீறலுக்கு உள்ளேயும் கருப்பையில் நெடுக்குக் கீறல் இருக்கலாம். ஆகவே தோலில் எந்தக் கீறல், கருப்பையில் எந்தக் கீறல் என்று இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். அந்தத் தாயின் அடுத்த மருத்துவர் பல ஆண்டுகள் கழித்துத் தேடப்போவது அந்த ஒரு வரியைத்தான்.

மருத்துவமனை கேட்ட பதிவு

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுவைக் குறிப்பு மருத்துவரின் சொந்த ஏடு என்ற நிலையிலிருந்து மருத்துவமனையின் ஆவணம் என்ற நிலைக்கு மாறியது. பாஸ்டன் நகரின் எர்னஸ்ட் காட்மன் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, அறுவையின் இறுதி விளைவு என்ன என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். 1913-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1918-இல் 100 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள 692 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. வகுக்கப்பட்ட குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89 மட்டுமே. எல்லா நோயாளிகளுக்கும் துல்லியமான, முழுமையான பதிவு எழுதப்பட்டு, எளிதில் எடுக்கும் வகையில் சேமிக்கப்பட வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதிகளில் ஒன்று.

பிரிட்டனில் இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரி தனது நல்ல அறுவை நடைமுறை என்ற வழிகாட்டியில் அறுவைக் குறிப்பில் இருக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டது. நாள், நேரம், அவசர அறுவையா திட்டமிட்டதா, செய்தவர்களின் பெயர்கள், கீறல், கண்டவை, சிக்கல்கள், மூடிய முறை, அறுவைக்குப் பின்னான விரிவான அறிவுறுத்தல்கள், கையொப்பம் ஆகியவை அதில் அடங்கும். இன்று பல நாடுகளின் அறுவைக் குறிப்புத் தாள்களில் ஏறத்தாழ இதே வரிசையைக் காணலாம்.

வாய்மொழியாகச் சொல்லும் வழக்கம்

எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது, கடிதங்களையும் பிறவற்றையும் வாயால் சொல்லி எழுத வைப்பதை முதலில் குறிப்பிட்டார். டிக்டஃபோன் என்ற வணிகப்பெயர் 1907-இல் பதிவானது. அலுவலகங்களில் பரவிய இந்தக் கருவி மருத்துவமனைகளுக்கும் வந்தது. மருத்துவர் சொல்ல, தட்டச்சாளர் கேட்டு எழுதும் வேலை தனித் தொழிலாக வளர்ந்தது. அமெரிக்காவில் இத்தொழிலில் இருந்தோர் 1978-இல் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினர். 1990-களில் இந்த வேலை இணைய வழியே சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களுக்கு வந்தது. அமெரிக்க மருத்துவர் சொல்லும் குறிப்பைத் தமிழ்நாட்டில் இரவு வேலை பார்ப்பவர்கள் கேட்டுத் தட்டச்சு செய்தனர்.

இத்தொழிலின் அடிப்படை விதி எளிது. கேட்காததை எழுதக்கூடாது. காதில் விழாத இடத்தை வெறுமையாக விட்டு, குறியிட்டு, சொன்னவரிடம் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்ற இரண்டு எண்களும் ஒலிப்பதிவில் ஒன்றுபோல் கேட்கும். 15 மில்லிகிராம் 50 ஆகிவிடலாம். சூழலை வைத்து ஊகிப்பவர் பலமுறை சரியாகவே ஊகிப்பார். தவறும் ஒருமுறை நோயாளிக்குத் தீங்காகும்.

சொல்லப்பட்ட ஒரு குறிப்பு

கீழே உள்ளது விளக்கத்துக்காக அமைத்த மாதிரி. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இக்குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும், அறுவை அரங்கில் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"எல்.எஸ்.சி.எஸ். முடிஞ்சுது, பேஷன்ட் ஸ்டேபிள். பெண் குழந்தை, மூணு இருநூறு, உடனே அழுதுச்சு. ஃபுல் டைலடேஷன் ஆகி ரெண்டு மணி நேரத்துக்கு மேல தலை இறங்கல, நடுவுல ஹார்ட் ரேட்டும் சரியில்ல, அதனால எடுத்தோம். ஸ்பைனல்ல பண்ணது. வழக்கம்போல லேயர் லேயரா திறந்தாச்சு. தலை ரொம்பக் கீழ இருந்துது, கீழேயிருந்து தள்ளித்தான் எடுத்தோம். ஆங், இடது பக்கம் மூலை கொஞ்சம் கிழிஞ்சுது, தனியா தச்சாச்சு. யூட்ரஸ் ரெண்டு லேயர். முதல்ல கொஞ்சம் லூஸா இருந்துது, ஆக்ஸிடோசின் டிரிப் போட்டதும் சரியாயிடுச்சு. பிளட் லாஸ் பெருசா இல்ல, ஒரு ஐந்நூறு இருக்கும். யூரின் க்ளியர். ஆன்டிபயாடிக் கொடுத்தாச்சு. போஸ்ட் ஆப் எல்லாம் ரொட்டீன்."

இதில் பொய்யில்லை. ஆனால் இரவுப் பணிச் செவிலியருக்கோ அடுத்த மருத்துவருக்கோ இது போதாது. வரிசைப்படுத்தும்போதுதான் எவை இல்லை என்பது தெரிகிறது.

காரணம்

தலை இறங்கவில்லை என்பது ஒரு காரணம். இதயத்துடிப்பு சரியில்லை என்பது இன்னொன்று. இரண்டில் எது முதன்மையானது என்பதைப் பொறுத்து அறுவையின் அவசரம் மாறுகிறது. 2000-இல் லூக்கஸும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டனில் முன்வைத்த நான்கு படி வகைப்பாடு பரவலாகப் பயன்படுகிறது. தாய் அல்லது குழந்தையின் உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் முதல் வகை. பாதிப்பு உண்டு, உடனடி உயிராபத்து இல்லை என்றால் இரண்டாம் வகை. பாதிப்பு இல்லை, ஆனால் விரைவில் எடுக்க வேண்டும் என்றால் மூன்றாம் வகை. வசதியான நேரத்தில் செய்வது நான்காம் வகை.

ஆகவே எழுதுபவர் மருத்துவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, துடிப்பு எவ்வளவு குறைந்தது, மீண்டதா என்பது. நமது மாதிரியில் பதில் இப்படி வருகிறது: முக்கும்போது 90 வரை குறைந்தது, ஒவ்வொரு முறையும் மீண்டது. எனவே இது இரண்டாம் வகை. முடிவெடுத்த நேரமும் குழந்தை பிறந்த நேரமும் இங்கேதான் சேரவேண்டும். பின்னாளில் தாமதம் பற்றிக் கேள்வி எழுந்தால், அந்த இரண்டு நேரங்களும்தான் பதில்.

படிகள்

"வழக்கம்போல" என்ற சொல் படிகளை மறைத்துவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு தையலையும் எழுதுவதால் பயன் இல்லை. வழக்கமானவற்றைச் சுருக்கமாகவும், வழக்கத்திலிருந்து விலகியவற்றை விரிவாகவும் எழுதுவதே நல்ல குறிப்பு. இங்கே விலகல்கள் மூன்று. தலை ஆழத்தில் சிக்கியிருந்தது, கீறலின் இடது மூலை கிழிந்தது, கருப்பை சிறிது நேரம் தளர்ந்திருந்தது.

இவை மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. வாய் முழுதாகத் திறந்து நெடுநேரம் கழிந்தபின் கருப்பையின் கீழ்ப்பகுதி மெல்லியதாக நீண்டிருக்கும். சிக்கிய தலையை மேலே கொண்டுவரும்போது கீறல் பக்கவாட்டில் நீளக்கூடும். அங்கே கருப்பைத் தமனி ஓடுகிறது. சற்று கீழே சிறுநீர்க்குழாய் இருக்கிறது. ஆகவே கிழிசல் எத்தனை சென்டிமீட்டர், எந்தத் திசை, தமனியைத் தொட்டதா, கருப்பை வாய் வரை போனதா என்பவை கேட்கப்பட வேண்டும். "கொஞ்சம்" என்பதை அளவாக மாற்றுவது எழுதுபவரின் வேலை அன்று, சொன்னவரின் வேலை. இங்கே பதில்: 3 சென்டிமீட்டர், கீழ்நோக்கி, தமனி பாதிக்கப்படவில்லை, கருப்பை வாய் வரை போகவில்லை. சிறுநீர் தெளிவாக இருந்தது என்பது குறிப்பில் வேறெங்கோ வந்தாலும், அது இந்தக் கிழிசலுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பொருள் முழுமையாகிறது. சிறுநீர்ப்பை காயப்படவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி. ஆனால் சிறுநீர்க்குழாயில் காயம் இல்லை என்று அதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

குருதி இழப்பு

கண்ணால் பார்த்துச் சொல்லும் குருதி அளவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், குறிப்பாக இழப்பு அதிகமாகும்போது. 1962-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் பிரிச்சர்டும் உடன் ஆய்வாளர்களும் தாய்மார்களின் சிவப்பணு அளவை முன்னும் பின்னும் அளந்து, சிசேரியனில் சராசரி இழப்பு ஏறத்தாழ 1000 மில்லிலிட்டர் என்று கண்டனர். சிசேரியன் குறிப்புகளில் அடிக்கடி காணப்படும் ஐந்நூறு என்ற எண்ணை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அளப்பதற்குக் கடினமான கருவி தேவையில்லை. உறிஞ்சு குடுவையின் அளவும், மாப் எனப்படும் துணிகளின் எடையும் போதும். 1 கிராம் எடைக் கூடுதலை 1 மில்லிலிட்டர் குருதி என்று கொள்வது நடைமுறை. நமது மாதிரியில் செவிலியரின் கணக்குத்தாள் இப்படி இருக்கிறது. குடுவையில் மொத்தம் 900 மில்லிலிட்டர். நஞ்சுக்கொடி வெளிவரும் முன் குறித்த அளவு 350. அது பெரும்பாலும் பனிக்குட நீர், ஆகவே கழிக்கப்படுகிறது. மீதி 550. நனைந்த 12 மாப்களின் எடை 780 கிராம். உலர்ந்த மாப் ஒன்று 25 கிராம், 12-க்கு 300. வேறுபாடு 480. கூட்டினால் 1030 மில்லிலிட்டர்.

இந்த முறையும் பிழையற்றதல்ல. மாப்களில் பனிக்குட நீர் கலந்திருக்கலாம். நஞ்சுக்கொடிக்கு முன் குடுவையில் சேர்ந்ததில் சிறிது குருதியும் இருக்கலாம். மூடுதுணிகளிலும் தரையிலும் சிந்தியது கணக்கில் வரவில்லை. ஆனாலும் 500-க்கும் 1030-க்கும் இடையே உள்ள தூரத்தை இந்தப் பிழைகள் நிரப்பிவிடாது. பிரசவம் எந்த வழியில் நடந்தாலும் 1000 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால் அதைப் பிரசவத்துக்குப் பிந்தைய குருதிப்போக்காகக் கொள்வது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் இன்றைய வரையறை. வழக்கமான அறுவை என்று சொல்லப்பட்டது அதன்படி ஒரு சிக்கலான அறுவையாகிறது.

எழுதுபவர் 500-ஐ அடித்துவிட்டு 1030 என்று தானாக மாற்றக்கூடாது. இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று காட்டி மருத்துவரின் முடிவுக்கு விட வேண்டும். மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்டபின் அளந்த எண் குறிப்பில் ஏறுகிறது.

அறுவைக்குப் பின்னான ஆணைகள்

"எல்லாம் ரொட்டீன்" என்பது ஆணையாகாது. ஒரு வார்டின் வழக்கம் இன்னொரு வார்டில் வேறாக இருக்கும். ஓர் ஆணையில் எது, எவ்வளவு, எந்த இடைவெளியில், எவ்வளவு காலம், எப்போது மருத்துவரை அழைப்பது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதே அதிகம் விடுபடுவது. நாடித்துடிப்பைப் பார் என்று எழுதியிருக்கும். எத்தனை ஆனால் கூப்பிடுவது என்று இருக்காது.

மேலும், ஆணைகள் முந்தைய மூன்று பகுதிகளிலிருந்தும் பிறக்க வேண்டும். கருப்பை தளர்ந்திருந்ததால் ஆக்ஸிடோசின் தொடர்கிறது. குருதி இழப்பு 1000-ஐத் தாண்டியதால் கண்காணிப்பு அடிக்கடி நடக்கிறது, மறுநாள் ஹீமோகுளோபின் பார்க்கப்படுகிறது. கிழிசல் இருந்ததால் சிறுநீர்க் குழலை எடுக்கும் நேரம் தள்ளிப்போகிறது. குறிப்பின் வரிசை இப்படித் தருக்கமாக அமைந்திருப்பதால், ஆணைகளில் ஒன்று விட்டுப்போனால் மேலே உள்ள வரியே அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒழுங்குபடுத்திய வடிவம்

கேள்விகளுக்கு மருத்துவர் பதில் சொன்னபின் குறிப்பு இவ்வாறு அமைகிறது. மருந்தளவுகள் இந்த மாதிரிக்கு உரியவை. மருத்துவமனைக்கு மருத்துவமனை அவை மாறும்.

- அறுவை: அவசர சிசேரியன், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குக் கீறல். இரண்டாம் வகை அவசரம்.
- காரணம்: முதல் கர்ப்பம், 40 வாரம். கருப்பை வாய் முழுதாகத் திறந்தது 11.40. இரண்டரை மணி நேரத்தில் தலை இறங்கவில்லை. முக்கும்போது குழந்தையின் துடிப்பு 90 வரை குறைந்து மீண்டது.
- நேரங்கள்: முடிவு 2.10, தோல் கீறல் 2.36, பிறப்பு 2.41, அறுவை முடிவு 3.35.
- மயக்கம்: தண்டுவட ஊசி. நுண்ணுயிர் எதிர்ப்பி தோல் கீறலுக்கு முன் கொடுக்கப்பட்டது.
- படிகள்: தோலில் ஃபானன்ஸ்டீல் கீறல். சிறுநீர்ப்பை கீழே தள்ளப்பட்டது. கருப்பைக் கீழ்ப்பகுதியில் குறுக்குக் கீறல். தலை ஆழத்தில் இருந்தது, உதவியாளர் கீழிருந்து தள்ள, எடுக்கப்பட்டது. நஞ்சுக்கொடி முழுமையாக வெளிவந்தது. இடது மூலையில் கீழ்நோக்கி 3 செ.மீ. கிழிசல், தமனி பாதிக்கப்படவில்லை, தனியாகத் தைக்கப்பட்டது. கருப்பை இரண்டு அடுக்காகத் தைக்கப்பட்டது. கருப்பை தளர்ச்சி, ஆக்ஸிடோசின் சொட்டுக்குப்பின் இறுகியது. சினைப்பைகளும் கருக்குழாய்களும் இயல்பு. சிறுநீர் தெளிவு. மாப், ஊசி, கருவி எண்ணிக்கை சரி.
- குழந்தை: பெண், 3.2 கிலோ, பிறந்ததும் அழுதது.
- குருதி இழப்பு: அளந்தது 1030 மி.லி. குடுவை 550, மாப் 480.
- சிக்கல்கள்: கீறல் நீட்சி, பிரசவத்துக்குப் பிந்தைய குருதிப்போக்கு.
- ஆணைகள்: நாடி, இரத்த அழுத்தம், கருப்பை இறுக்கம், குருதிப்போக்கு ஆகியவை முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 2 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை. ஆக்ஸிடோசின் 40 யூனிட், 500 மி.லி. உப்பு நீரில், 4 மணி நேரம். சிறுநீர்க் குழல் 24 மணி நேரம். நாளை காலை ஹீமோகுளோபின். குருதி உறைவுத் தடுப்பு ஊசி, குருதிப்போக்கு இல்லை என மருத்துவர் பார்த்தபின். நாடி 110-க்கு மேல், மேல் அழுத்தம் 90-க்குக் கீழ், சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் கீழ், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதும் நனைதல் — இவற்றில் எது நேர்ந்தாலும் உடனே மருத்துவரை அழைக்க.
- அடுத்த கர்ப்பம்: கருப்பைக் கீழ்ப்பகுதியில் குறுக்குத் தழும்பு, இடது கீழ் நீட்சியுடன். பிரசவ முறையை மூத்த மருத்துவருடன் முன்கூட்டியே முடிவு செய்க.
- கையொப்பம்: அறுவை செய்தவர், நாள், நேரம்.

எல்லைகள்

ஒழுங்கான வடிவத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. அச்சிட்ட அல்லது கணினியில் முன்னரே நிரப்பிய படிவத்தில், நடக்காத படியும் நடந்ததாகவே நின்றுவிடும். "சினைப்பைகள் இயல்பு" என்ற வரி எல்லாக் குறிப்புகளிலும் ஒரே சொற்களில் வந்தால், யாரும் பார்க்காமலே அது எழுதப்பட்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, குறிப்பைச் செவிலியரின் கணக்குத்தாளுடனும் மயக்க மருத்துவரின் தாளுடனும் ஒப்பிடுவது. மூன்றிலும் பிறப்பு நேரமும் குருதி இழப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், குறிப்பை அழகாகத் திருத்துவதற்கு முன் அறுவை செய்தவரிடம் மீண்டும் கேட்க வேண்டும்.

பிந்திச் சேர்ப்பவற்றுக்கும் விதி உண்டு. கையொப்பமிட்டபின் நினைவுக்கு வந்தது எதுவானாலும், பழைய வரியை அழிக்காமல், சேர்த்த நாளும் நேரமும் பெயரும் குறித்துக் கீழே தனியாக எழுத வேண்டும். மேலே கண்ட மாதிரியில் அந்தத் தாய்க்கு அன்றிரவு மீண்டும் குருதிப்போக்கு ஏற்பட்டால், அழைக்கப்படும் மருத்துவர் அறுவை அரங்கில் இருந்தவராக இருக்கமாட்டார். இடது மூலைக் கிழிசலையும் 1030 என்ற எண்ணையும் அவர் இந்தத் தாளிலிருந்துதான் அறிவார்.